ஆர்ஓஇ ஏறியது, பலம் ஏறவில்லை

போன ஆண்டு கணக்கு முடிக்கும்போது ஒரு நூல் மில் முதலாளி சந்தோஷமாக வந்தார். மூன்று வருடத்தில் விற்பனை 200 கோடியிலிருந்து 320 கோடி. நிகர லாபம் 12 கோடியிலிருந்து 12.8 கோடி. பங்குதாரர் மூலதனம் அதே 80 கோடி, லாபத்தையெல்லாம் டிவிடெண்டாக எடுத்துவிட்டார்கள். ஆக, பங்குதாரர் மூலதனத்தின் மீதான வருமானமான ஆர்ஓஇ 15 சதவீதத்திலிருந்து 16 ஆகியிருக்கிறது.

“ஏறியிருக்குல்ல சார்?” என்றார்.

ஏறியிருக்கிறதுதான். எதனால் என்று பார்க்க டூபான்ட் முறையில் பிரித்தேன். 1910களில் டூபான்ட் கம்பெனியில் இருந்த டொனால்ட்சன் பிரவுன், முதலீட்டின் மீதான வருமானத்தை லாப விகிதம், சொத்துச் சுழற்சி என்று இரண்டாகப் பிரித்தார். கடனின் பங்கைக் காட்டும் மூன்றாவது பிற்பாடு சேர்ந்தது.

லாபத்தை விற்பனையால் வகுத்தால் லாப விகிதம். விற்பனையை மொத்தச் சொத்தால் வகுத்தால் சுழற்சி. சொத்தை மூலதனத்தால் வகுத்தால் லீவரேஜ். மூன்றையும் பெருக்கினால் ஆர்ஓஇ.

மில்லின் சொத்து 160 கோடியிலிருந்து 320 கோடி ஆகியிருந்தது.

முன்பு: 6% × 1.25 × 2 = 15%
இப்போது: 4% × 1 × 4 = 16%

லாப விகிதமும் சுழற்சியும் இறங்கியிருக்கின்றன. தூக்கிப் பிடித்திருப்பது கடன் மட்டும்தான். முன்பு லாப விகிதம் ஒரு புள்ளி குறைந்தால் ஆர்ஓஇ 2.5 புள்ளி குறையும். இப்போது 4 குறையும். பஞ்சு விலை ஆடுகிற தொழிலில் இது சின்ன விஷயமில்லை.

லாப விகிதம் குறைந்ததற்கு ஃபேக்டரி மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தார் முதலாளி. பாவம் அவர். வட்டிக்கு முந்தைய லாபம் விற்பனையில் 10.5 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 11 ஆகியிருந்தது. வட்டிதான் 5 கோடியிலிருந்து 18 கோடியாகி மிச்சத்தைத் தின்றுவிட்டது. அதனால் நிகர லாப விகிதத்தோடு நிறுத்தாமல், வட்டிக்கு முந்தையதையும் பக்கத்தில் எழுதிப் பார்ப்பேன். லீவரேஜ் ஒரு பக்கம் ஏற்றுவதை வட்டி இன்னொரு பக்கம் இறக்குவது அப்போதுதான் தெரியும்.

சரி, சுழற்சி ஏன் இறங்கியது? புது மெஷினுக்கு 70 கோடி, பஞ்சு ஸ்டாக்கில் கூடுதலாக 40 கோடி. அப்புறம் வரவேண்டிய பாக்கி 30 கோடியிலிருந்து 80 கோடி. நாளாகச் சொன்னால் 55 நாளில் வந்த பணம் 91 நாள் ஆகிறது. விற்பனை வளர்ந்ததில் ஒரு பகுதி தாராளமாகக் கடன் கொடுத்ததால் வந்தது.

ஒரு எச்சரிக்கை: நான் வருடக் கடைசி இருப்பை வைத்துக் கணக்கிட்டேன். சொத்து வேகமாக வளரும் கம்பெனிக்குத் தொடக்க, இறுதி இருப்புகளின் சராசரியை எடுப்பதே நியாயம். நிலத்தை மறுமதிப்பீடு செய்திருந்தாலும் விகிதங்கள் புரண்டுவிடும்.

பாக்கியை மறுபடி 55 நாளுக்குக் கொண்டுவந்தால் சுமார் 32 கோடி கையில் வரும். அதை 10% வட்டிக் கடனில் கட்டினால் வட்டி 3.2 கோடி மிச்சம். 25% வரி போக 2.4 கோடி. லாபம் 15.2 கோடி, சொத்து 288 கோடி, லீவரேஜ் 3.6. ஆர்ஓஇ 19% வருகிறது. காகிதத்தில் எழுதிக் காட்டினேன். பாக்கிப் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி அக்கவுன்டன்ட்டுக்கு அங்கேயே போன் போட்டார்.