எதுகை ஏன் இரண்டாம் எழுத்தில் நிற்கிறது?

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்.’ ‘அடியாத மாடு படியாது.’ ‘ஆடிப்பட்டம் தேடி விதை.’ இலக்கணம் படிக்காதவர் வாயிலும் புரளும் பழமொழிகள் இவை. மூன்றிலும் காதைப் பிடிக்கும் சொற்களைப் பாருங்கள்: அகம்-முகம், அடி-படி, ஆடி-தேடி. முதல் எழுத்து வேறாக இருக்கிறது, இரண்டாம் எழுத்து ஒன்றாக இருக்கிறது. இதைத்தான் எதுகை என்கிறோம். செய்யுளில் இது பெரும்பாலும் அடிகளின் தொடக்கத்தில் வரும். முதலெழுத்து ஒன்றுவது மோனை, அதை விட்டு அடுத்த எழுத்து ஒன்றுவது எதுகை என்று தொல்காப்பியத்தின் செய்யுளியல் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது.

ஆங்கிலக் கவிதைக்குப் பழகிய காது இதைத் தேடும் இடமே வேறு. நம் வீட்டுக் குழந்தைகள் பாடும் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ பாட்டை எடுத்துக்கொள்வோம். ஜேன் டெய்லர் எழுதி 1806இல் வெளிவந்தது. அதில் வரிகள் ஸ்டார், ஆர் என்றும் ஹை, ஸ்கை என்றும் முடிகின்றன. விதி எளிது. வரியின் கடைசியில் அழுத்தம் விழும் அசையைப் பிடி. அதன் உயிரொலியும் அதற்குப் பின் வருவதெல்லாமும் ஒன்றாக இருக்க வேண்டும், முன்னால் உள்ள மெய் வேறாக இருக்க வேண்டும்.

ஒன்று வரியின் முன்னால், இன்னொன்று பின்னால் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் இடத்தைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உள்ளே இருக்கிறது. குறளைக் கேளுங்கள்:

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக

கற்க, நிற்க. முதல் எழுத்தில் ஒன்று அகரம், மற்றது இகரம். ஆங்கில முறைப்படி உயிர் மாறிவிட்டால் கதை முடிந்தது. அது ரைம் ஆகாது. நமக்கோ அது முழுமையான எதுகை. அகம்-முகத்திலும் அப்படித்தான்: அகரத்துக்கு எதிரே உகரம். முதல் எழுத்தின் உயிர் என்ன என்று எதுகை கேட்பதே இல்லை.

அது கேட்பது ஒன்றே ஒன்று: குறிலா, நெடிலா? கட்டு-பட்டு எதுகை, கட்டு-வெட்டு எதுகை, பாட்டு-கேட்டு எதுகை. ஆனால் கட்டு-பாட்டு எதுகை ஆகாது. டகர ஒற்று இரண்டிலும் இருந்தும் ஆகாது. முதலெழுத்து அளவில் ஒத்திருக்க வேண்டும் என்பது யாப்பிலக்கணத்தின் கறாரான நிபந்தனை.

ஏன் இப்படி? மாத்திரைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்குகிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ‘கட்டு’ என்று தொடங்கினால் ஒரு மாத்திரை கழிந்ததும் டகரம் வந்துவிடும். ‘பாட்டு’ என்றால் இரண்டு மாத்திரை காத்திருக்க வேண்டும். தாளக்காரர் அதே அடியை ஒரு எண்ணிக்கை தள்ளித் தட்டியது போல் ஆகிவிடும். அடி தொடங்கிய கணத்திலிருந்து சரியாக அதே இடைவெளியில் அதே மெய் ஒலிக்க வேண்டும் என்பதுதான் எதுகையின் எதிர்பார்ப்பு என்று எனக்குப் படுகிறது. ஆங்கில ரைம் உயிரின் நிறத்தைப் பார்க்கிறது, எதுகை உயிரின் நீளத்தைப் பார்க்கிறது.

இந்த விதி எவ்வளவு வளையும் என்பதற்குச் சீவக சிந்தாமணியில் ஒரு நல்ல பாட்டு உண்டு. இலக்கண ஆசிரியர்களுக்கும் பிடித்த உதாரணம்:

காய்மாண்ட தெங்கின் பழம்வீழக் கமுகின் நெற்றிப்
பூமாண்ட தீந்தேன் தொடைகீறி வருக்கை போழ்ந்து
தேமாங் கனிசிதறி வாழைப் பழங்கள் சிந்தும்
ஏமாங் கதமென் றிசையால்திசை போய துண்டே

தென்னை நெற்று விழுகிறது. விழுந்த வேகத்தில் பாக்குமர உச்சியில் இருந்த தேனடையைக் கிழித்து, பலாப்பழத்தைப் பிளந்து, மாங்கனியைச் சிதறடித்து, வாழைப்பழங்களை உதிர்த்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஏமாங்கத நாடு. இப்போது அடித் தொடக்கங்களை மட்டும் பாருங்கள்: காய்மா, பூமா, தேமா, ஏமா. நான்கிலும் முதலெழுத்து நெடில், நான்கிலும் ‘மா’. உயிர்கள் ஆ, ஊ, ஏ, ஏ என்று மாறுவதில் குறையில்லை. முதலடியில் மட்டும் நடுவே ஒரு ‘ய்’ நுழைந்திருக்கிறது. கண்டிப்பாகப் பார்த்தால் அங்கே இரண்டாம் எழுத்து ‘ய்’தான். ஆனால் ய், ர், ல், ழ் என்ற நான்கு ஒற்றுகள் இப்படி இடையில் வந்தால் இலக்கணம் மன்னித்துவிடுகிறது. இதற்கு ஆசிடை எதுகை என்று பெயர். க், ட், ற் போன்ற வல்லொற்றுகளுக்கு இந்தச் சலுகை இல்லை. நான்கும் நாக்கு வழுக்கிக்கொண்டு போகும் ஒலிகள் என்பதைக் கவனித்தால் இந்த நால்வருக்கு மட்டும் கதவு திறந்ததில் ஒரு நியாயம் தெரிகிறது.

சரி, வரியின் கடைசியில் ஒன்ற வைப்பது தமிழுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதற்கு இயைபு என்று தொல்காப்பியமே பெயர் வைத்திருக்கிறது. ஆனால் மரபுச் செய்யுளில் அது எதுகை அளவுக்குத் தலையெடுக்கவில்லை. காரணத்தைத் தமிழ்ச் சொல்லின் அமைப்பிலேயே பார்க்கலாம். தமிழில் சொல்லின் வேர் முன்னால் நிற்கும்; காலம், பால், எண், வேற்றுமை எல்லாம் பின்னால் ஒட்டும். வாக்கியமும் பெரும்பாலும் வினையில் முடியும். ‘அவன் எழுந்தான், குளித்தான், சாப்பிட்டான், கிளம்பினான்’ என்று உரைநடையில் எழுதினாலே ‘ஆன்’ ‘ஆன்’ என்று இயைபு வந்து விழுகிறது. கவிஞன் இதற்காக உழைக்க வேண்டியதில்லை. உழைக்காமல் கிடைப்பதைக் காது மதிப்பதும் இல்லை. சொல்லுக்குச் சொல் வேறுபடும் பகுதி முன்னால்தான் இருக்கிறது. அங்கே ஒற்றுமை காட்டினால்தான் அது தேடிப் பிடித்த ஒற்றுமை.

ஆங்கிலம் தன் பழைய விகுதிகளில் பெரும்பகுதியை இழந்துவிட்ட மொழி. வரியும் அழுத்தமான அசையில் முடிவதே வழக்கம். அதனால் அங்கே கடைசி அசைக்கு விலை உண்டு. இதில் ஒரு வேடிக்கை: அந்த மொழியும் தொடக்கத்தில் இப்படி இல்லை. பேவுல்ஃப் போன்ற பழைய ஆங்கிலப் பாடல்கள் வரிக்குள் சொற்களின் முதல் ஒலியை ஒன்றவைத்தன. ஏறக்குறைய நம் மோனை. இறுதி ரைம் லத்தீன் துதிப்பாடல்கள் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் வந்து நிலைத்தது.

எதுகை காணாமல் போகும் ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று சந்தி பிரித்து அச்சிடும் பதிப்புகளில் இது நடக்கும். இரண்டாம் குறள் இப்படி:

கற்றதனால் ஆய பயனென்கொல் வாலறிவன்
நற்றாள் தொழாஅர் எனின்

நல் + தாள் சேர்ந்து ‘நற்றாள்’. அதனால் கற்ற-நற்றா என்று ‘ற்’ ஒன்றுகிறது. ‘நல் தாள்’ என்று பிரித்தால் இரண்டாம் எழுத்து ‘ல்’ ஆகிவிடுகிறது, எதுகை போயிற்று. சொல்லின் மூலத்துக்கு அல்ல, வாய் சொல்லும் ஒலிக்குத்தான் எதுகை கட்டுப்படும். ஆங்கிலத்தில் லவ், மூவ் போல எழுத்தில் ஒத்து ஒலியில் ஒவ்வாத ஜோடிகளைக்கூடக் கண்ணுக்கான ரைம் என்று ஏற்பதுண்டு; தமிழ் எழுத்துமுறையில் அதற்கு அவ்வளவாக இடமில்லை.

ஆகவே ஒரு பழைய செய்யுளில் எதுகை தட்டினால் முதலில் சந்தியைச் சேர்த்துப் பார்க்கலாம். அப்புறமும் தட்டினால் பாடபேதம் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் அடியெதுகை இல்லாததெல்லாம் பிழை என்று முடிவுகட்டவும் கூடாது. ‘இருநோக் கிவளுண்கண் உள்ள தொருநோக்கு / நோய்நோக்கொன் றந்நோய் மருந்து’ என்ற குறளில் இரண்டு அடிகளின் தொடக்கமும் ஒன்றவில்லை. பதிலுக்கு, முதலடியின் முதல் சீரும் நான்காம் சீரும், இருநோக்கு-தொருநோக்கு என்று, அடிக்குள்ளேயே எதுகையை முடித்துக்கொள்கின்றன.