முகம் மட்டும் கொடுத்தால் உடம்பு எங்கிருந்து வருகிறது?

தர்மபுரியில் எங்கள் ஸ்டுடியோவுக்கு இறந்தவர்களின் ஆதார் போட்டோவை மட்டும் கொண்டு வந்து, முழு உருவமாகப் போட்டுத் தரச் சொல்பவர்கள் இப்போது அதிகம். ஏஐ கருவிகளில் அது ஒரு நிமிட வேலை. ஆனால் அந்தப் படத்தில் எது உண்மை, எது ஊகம் என்று குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கருவிகள் பெரும்பாலும் கண், மூக்கு, தாடை ஆகியவற்றின் அமைப்பை எண்களின் வரிசையாக மாற்றிக்கொள்கின்றன. அந்த எண்களில் உயரமும் இல்லை, தோள் அகலமும் இல்லை, நடையும் இல்லை. "புடவை கட்டிய அறுபது வயதுப் பெண்" என்று நாம் எழுதும் குறிப்பையும், ஏற்கெனவே பழகிய ஏராளமான படங்களையும் வைத்துத்தான் உடம்பு வரைகின்றன.

பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் வேறு இடத்தில் செய்த படத்தைக் காட்டினார். "முகம் அம்மாதாங்க. ஆனா நிக்கிறது எங்க அம்மா இல்ல" என்றார். அம்மா பல வருடங்களாக ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீர் குடித்தவர். அதனால் முட்டி வளைந்து, முதுகு விறைத்து, கோல் ஊன்றித்தான் நின்றார். இந்த ஃபுளோரைடு தண்ணீருக்கு மாற்றாகத்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது என்று அறிந்த நம் ஊர்க்காரர்களுக்கு அந்த நிலை புதிதல்ல. படத்திலோ நிமிர்ந்து நிற்கிறார். ஆதார் போட்டோவில் வாய் மூடியிருக்கிறது. கருவி அவரைச் சிரிக்க வைத்து, கறை படிந்திருந்த பல்லை வெள்ளையாக்கிவிட்டது.

ஊகத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதே போட்டோ, அதே குறிப்பு வைத்து, ஒவ்வொரு முறையும் வேறு படம் வரக் காரணமான சீடு எண்ணை மட்டும் மாற்றி ஐந்து படம் எடுங்கள். இடுப்பும் கையும் உயரமும் படத்துக்குப் படம் மாறினால் அதெல்லாம் ஊகம். மாறாததை உடனே நம்பிவிடவும் கூடாது. இந்த அம்மாவுக்கு நாங்கள் போட்டுப் பார்த்தபோது ஐந்திலும் நேராகத்தான் நின்றார். பழகிய படங்களில் அப்படி நிற்பவர்களே அதிகம், அதனால்தான். அப்புறம், தலை உயரத்தால் உடம்பை அளந்து பாருங்கள். பெரியவர்கள் ஏழு, ஏழரை தலை உயரம் இருப்பார்கள். படத்தில் எட்டைத் தாண்டினால் கருவி உடம்பை, பெரும்பாலும் காலை, நீட்டியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

பழைய கல்யாண குரூப் போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டோம். கிடைத்தது. ஓரத்தில் அம்மா தன் தம்பி பக்கத்தில் நிற்கிறார். தம்பியின் உயரம் தெரியும் என்பதால் அம்மாவின் உயரத்தைக் கணக்கிட முடிந்தது. வளைந்த முட்டியையும் கோலையும் கோட்டுருவமாக வரைந்து, இப்படித்தான் நிற்க வேண்டும் என்று கருவிக்குக் கொடுத்தோம். வாயை மூடியே வைத்தோம். முழு உருவத்தில் முகம் சிறியதாகி ஜாடை மாறும் என்பதால், முகத்தைத் தனியே பெரிதாகச் செய்து பொருத்தினோம்.

வேறு போட்டோவே கிடைக்காதபோது மார்பளவோடு நிறுத்திக்கொள்கிறோம். வரன் பார்க்க முழு உருவம் கேட்டால் செய்வதில்லை, ஆளை வரச் சொல்லிப் படம் எடுக்கிறோம். முழு உருவம் செய்து தரும்போது, பிரிண்டின் பின்பக்கத்தில் முகம் எந்தப் போட்டோவிலிருந்து வந்தது, உயரமும் நிற்கும் விதமும் யார் சொன்னது, எதெல்லாம் ஊகம் என்று எழுதித் தருகிறோம்.