ரோப் தடிமன் மட்டும் போதாது, கப்பியையும் அளந்து பாருங்கள்

மேடவாக்கம் பக்கம் ஒரு சைட்டில் மணல் ஏற்றும் வின்ச்சின் ரோப் அறுந்து, பக்கெட் நான்காவது மாடியிலிருந்து விழுந்தது. கீழே யாரும் நிற்கவில்லை. இந்த வருடத்தில் நான் பார்க்கும் மூன்றாவது ரோப் இது. மூன்றிலும் ஒரே பதில்: "சார், 8 டன் தாங்குற ரோப், நாங்க ஏத்துறது அரை டன்தான்."

8 டன் என்பது நேராக இழுத்தால் தாங்கும் அளவு. கப்பியில் வளையும்போது கணக்கே வேறு. அங்கே இருந்தது 12 மி.மீ. ரோப், ஆறு புரி, புரிக்கு 19 கம்பி. ஒரு கம்பி ஏறக்குறைய 0.75 மி.மீ. முதலில் இருந்த 300 மி.மீ. கப்பி உடைந்ததும், கையில் கிடைத்த 120 மி.மீ. கப்பியை மாட்டிவிட்டார்கள். கம்பியின் தடிமனைக் கப்பியின் விட்டத்தால் வகுத்து, ரோப்பின் மீள்தன்மை எண்ணால் (சுமார் 83,000) பெருக்கினால் வளைவுத் தகைவு, அதாவது வளைவதால் கம்பியின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் ஏறும் விசை, வரும். பழைய கப்பியில் அது சதுர மில்லிமீட்டருக்கு 207 நியூட்டன். புதியதில் 519. அதாவது சுமார் 3 டன்னைத் தொங்கவிட்டதற்குச் சமம். இந்தக் கணக்கில் மணலின் எடை எங்கேயும் வரவில்லை, கவனியுங்கள். காலி பக்கெட் ஏறினாலும் இதே வளைவுதான்.

ஒரே நாளில் அறுந்துவிடாது. நாளைக்கு 100 நடை என்றால், ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று அதே இடம் 200 முறை வளைந்து நிமிர்கிறது. கம்பிகள் ஒவ்வொன்றாகக் களைத்து முறிகின்றன. அந்த ரோப் இரண்டு மாதம் தாங்கியது.

அப்புறம் மேஸ்திரி சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை: "16 மி.மீ. ரோப் போட்டுடலாம் சார்." தயவுசெய்து வேண்டாம்! தடித்த ரோப்பில் கம்பியும் தடிப்பு, 1 மி.மீ. வரும். அதே 120 கப்பியில் தகைவு 690-ஐத் தாண்டும். இன்னும் சீக்கிரம் முறியும். புரிக்கு 37 மெல்லிய கம்பிகள் கொண்ட ரோப் வளைவை நன்றாகத் தாங்கும். ஆனால் மெல்லிய கம்பி உரசலில் சீக்கிரம் தேயும், அதனால் அதுவும் சின்ன கப்பிக்கு முழு மருந்தல்ல.

பக்கெட் தரையைத் தொட்டபின், வின்ச்சை நிறுத்திவிட்டு, கப்பியில் ஓடும் பகுதியை மட்டும் துணியால் பிடித்து மெதுவாகத் தடவுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். நூல் சிக்கினால் அங்கே கம்பி முறிந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் பல முறிவுகள் இருந்தால் அன்றே ரோப்பைக் கழற்றுங்கள். உடைந்த கப்பியைப் பழைய இரும்புக்குப் போடுமுன் அதன் விட்டத்தை டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். கடையில் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.