நல்லவனுக்குப் பக்கத்தில் அயோக்கியனை நிறுத்தாதீர்கள்

பதிப்பகங்களுக்கு வரும் நாவல் பிரதிகளைப் படித்துத் திருத்துவது என் வேலை. அவற்றில் அடிக்கடி கண்ணில் படும் கோளாறு ஒன்று உண்டு. நாயகன் நேர்மையானவன் என்று காட்ட, பக்கத்திலேயே லஞ்சம் வாங்கி, குடித்து, மனைவியை அடிக்கும் ஒருவனை உட்கார வைத்துவிடுகிறார்கள். ஒருவரின் குணத்தை எடுத்துக்காட்டப் பக்கத்தில் நிறுத்தும், திரைக்கதைக்காரர்கள் ஃபாயில் என்று சொல்லும் பாத்திரம் இதுதான் என்று நினைப்பு. ஆனால் அந்த ஆளுக்குப் பக்கத்தில் யாரை நிறுத்தினாலும் நல்லவராகத்தான் தெரிவார். நாயகனைப் பற்றி நமக்குப் புதிதாக ஒன்றும் தெரிய வராது.

இதைச் சரியாகச் செய்தவர் யார் என்று கேட்டால் நான் கம்பனைக் காட்டுவேன். யுத்த காண்டத்தில் வீடணனையும் கும்பகருணனையும் பாருங்கள். இருவருமே இராவணனின் தம்பிகள். சீதையைக் கவர்ந்தது தவறு என்பது இருவருக்கும் தெரியும். அண்ணன் முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியமும் இருவருக்கும் உண்டு. மந்திராலோசனையில் கும்பகருணன் பேசுவது வீடணன் பேச்சைவிடக் காரமானது. வாயில் பேசுவது மானம், மனத்தில் பேணுவது காமம், நம் கொற்றம் நன்றாகத்தான் இருக்கிறது என்று குத்துகிறான்.

இவ்வளவு ஒற்றுமையை வைத்துவிட்டு, ஒரே இடத்தில் கம்பன் இருவரையும் பிரிக்கிறான். தவறு செய்த அண்ணனை என்ன செய்வது? அறத்தின் பக்கம் போய்விட வேண்டும் என்கிறான் வீடணன். வளர்த்தவனுக்காகச் செத்துவிட வேண்டும் என்கிறான் கும்பகருணன். மற்ற எல்லாம் சமமாக இருப்பதால் நம் கண் இந்த ஒரு வித்தியாசத்திலேயே போய் நிற்கிறது.

அப்புறம் இருவரையும் போர்க்களத்தில் நேருக்கு நேர் நிறுத்துகிறான். வீடணன் வருவதைக் கண்டதும் கும்பகருணன் பதறுகிறான். நீ ஒருவனாவது பிழைத்தாய் என்று மகிழ்ந்திருந்தேனே, ஏன் திரும்பி வந்தாய் என்கிறான். நாங்கள் எல்லோரும் செத்துப்போனால் கையால் எள்ளும் நீரும் இறைத்துக் கடன் கழிக்க வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறான். இராமனிடம் வந்துவிடு என்று தம்பி மன்றாடுகிறான். நெடுநாள் வளர்த்து, போர்க்கோலமும் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வர மாட்டேன் என்று கும்பகருணன் மறுக்கிறான். தம்பி எடுத்த முடிவை அண்ணன் ஒரு சொல்கூடப் பழிக்கவில்லை. சாகும் நேரத்திலும் இராமனிடம் அவன் முதலில் கேட்பது, என் தம்பியைக் காப்பாற்று என்பதைத்தான்.

இந்தக் காட்சி இல்லாவிட்டால் வீடணன் வெறும் கட்சி மாறி. கும்பகருணன் எதிரே நிற்கும்போதுதான், பாசத்தை அறுத்துக்கொண்டு போக அவனுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது தெரிகிறது. கும்பகருணனும் அப்படித்தான், போக ஒரு வழி திறந்திருந்தும் போகாதவன் என்பதை வீடணன்தான் நமக்குக் காட்டுகிறான்.

துணைவன் பாத்திரத்துக்கும் கணக்கு இதுவே. ஷெர்லாக் ஹோம்ஸின் நண்பர் வாட்சன் ராணுவத்தில் இருந்த மருத்துவர், விவரமானவர். 1891இல் வந்த ஒரு கதையில், நூற்றுக்கணக்கான தடவை ஏறிய மாடிப்படியில் எத்தனை படி என்று ஹோம்ஸ் கேட்கிறார்; வாட்சனுக்குத் தெரியவில்லை. பதினேழு என்கிறார் ஹோம்ஸ். வாட்சன் மக்காக இருந்தால் இந்தக் காட்சியில் ருசியே இருக்காது. 1940களின் படங்களில் அவரை அசட்டு மனிதராக்கினார்கள். சிரிப்பு வந்தது, ஆனால் ஹோம்ஸின் கூர்மை மலிவாகிப்போனது என்பது என் கட்சி.

சமீபத்தில் ஒரு பிரதி வந்தது. நாயகி தாலுகா அலுவலக ஊழியர். போலிப் பட்டா ஒன்றில் கையெழுத்துப் போட மறுக்கிறாள். பக்கத்து மேசைக்காரர் காசு வாங்கிக்கொண்டு போட்டுவிடுகிறார். அவரையும் கை சுத்தமானவராக மாற்றச் சொன்னேன். இப்போது அவர் காசைத் தொடுவதில்லை, கையெழுத்தும் போடுவதில்லை. ஆனால் கோப்பு வரும் நாளில் மருத்துவ விடுப்பு எடுத்துவிடுகிறார். அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்தான் பாக்கி. நாயகியின் நேர்மை என்பது தப்பு செய்யாமல் இருப்பது மட்டுமில்லை, அந்த நாளில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும்தான் என்று அப்போதுதான் விளங்கியது. அவளைப் பற்றி எழுதியிருந்த இரண்டு பத்திப் புகழுரையை எழுத்தாளர் தானே வெட்டிவிட்டார்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இப்படி நியாயத்தோடு எழுதப்பட்ட இரண்டாம் ஆள் முதல் ஆளை விழுங்கிவிடுவார். வீடணனைவிடக் கும்பகருணன்மேல் மனம் சாய்ந்த வாசகர்களே அதிகம், நானும் அந்தக் கூட்டம்தான். கம்பனுக்கு அது தெரிந்தே இருக்க வேண்டும். ஒரு நீண்ட படலத்தில் அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, அந்தப் படலம் முடிவதற்குள் அனுப்பிவைத்துவிடுகிறான். உங்கள் மருத்துவ விடுப்புக்காரருக்கும் மூன்று காட்சிக்கு மேல் கொடுக்காதீர்கள். அதில் ஒன்றிலாவது அதே கோப்பு இருவர் மேசைக்கும் வரட்டும்.