செவ்வாயில் தொலைந்த கலமும் சரிபார்க்கப்படாத கோப்பும்

“பட்டியலில் தொண்ணூறு சதவீத வேலை முடிந்துவிட்டது, ஒப்படைக்க மட்டும் ஒன்றும் இல்லை. இது எப்படி?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். திட்டத்தை வேலைகளாக எண்ணியதால் வந்த நிலை இது. ‘மென்பொருள் எழுதுதல்’, ‘சோதித்தல்’ போன்ற வரிகளில் நேரம் கழிந்தாலே வேலை நடந்ததாகக் கணக்காகிவிடும்.

பிரிட்டன் அரசு 1996இல் வெளியிட்ட பிரின்ஸ்2 என்ற திட்ட மேலாண்மை முறை இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. இறுதியில் கைக்கு வர வேண்டிய பொருளை உச்சியில் எழுதி, அதன் உறுப்புகளைக் கிளை கிளையாகப் பிரிக்க வேண்டும். இந்தப் பொருள் பகுப்பு வரைபடத்தில் எல்லாமே பெயர்ச்சொற்கள். எது கிடைத்தால் எதைத் தொடங்கலாம் என்று அம்புக்குறி போட்ட பிறகுதான் வேலைப் பட்டியல் பிறக்கும்.

இந்த முறையில் என்னை மிகவும் கவர்ந்தது, ஒவ்வொரு பொருளுக்கும் அதைச் செய்யத் தொடங்கும் முன்பே எழுதப்படும் விவரக் குறிப்பு. அதன் அருமையை, செவ்வாய்க்கு நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலத்தின் விபத்தை வைத்துப் பார்க்கலாம்.

கலம் தன் சிறு உந்துபொறிகளை இயக்கும்போதெல்லாம் பாதை சற்றே விலகும். அந்த உந்தலின் அளவைத் தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒரு கோப்பில் எழுதித் தர வேண்டும். அக்கோப்புக்கு பிரின்ஸ்2 பாணியில் நான் குறிப்பு எழுதினால் இப்படி இருக்கும். நோக்கம்: பாதையைக் கணக்கிடுவது. மூலம்: கலம் அனுப்பும் உந்துபொறித் தகவல். தர அளவுகோல்: எண்கள் நியூட்டன்-விநாடியில் இருக்க வேண்டும். சோதனை முறை: தெரிந்த ஓர் உந்தலைக் கொடுத்து, கையால் கணக்கிட்ட விடையுடன் ஒப்பிடுதல். சோதிப்பவர்: கோப்பைப் பயன்படுத்தும் பாதைக் கணிப்புக் குழுவைச் சேர்ந்தவர், எழுதியவர் அல்ல.

நியூட்டன்-விநாடி வேண்டும் என்பது அத்திட்டத்தின் ஆவணத்திலும் இருந்தது. கோப்பில் வந்ததோ பவுண்டு விசை-விநாடி. அந்த எண்களை நியூட்டன்-விநாடி என்றே எடுத்துக்கொண்டதால் உந்தல் 4.45 மடங்கு குறைவாகக் கணக்கிடப்பட்டது. முழுமையான சோதனை நடந்ததாகத் தெரியவில்லை என்றது விசாரணைக் குழு. 1999 செப்டம்பர் 23 அன்று, சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் செவ்வாயை நெருங்க வேண்டிய கலம் 57 கிலோமீட்டர் வரை தாழ்ந்து தொலைந்துபோனது. அளவுகோலை மட்டும் எழுதிவிட்டு, யார், எப்படிச் சோதிப்பது என்ற வரிகளை விட்டுவிட்டால் குறிப்பு வெறும் விருப்பமாகிவிடும்.

ஆய்வு நிதி தருபவர்கள் ‘நடத்திய கூட்டங்கள்’, ‘செலவிட்ட தொகை’ என்று அறிக்கை கேட்பது எனக்கு வருத்தமளிக்கிறது. பிறர் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தரவுத் தொகுப்பு ஒன்றையும், அதைச் சோதித்தவரின் கையொப்பத்தையும் கேட்கலாம்.

விடை என்னவென்றே தெரியாத தேடலில் முழு வரைபடத்தையும் முதல் நாளே போட முடியாது. அங்கே அடுத்த கட்டத்தின் பொருள்களை மட்டும் விரித்து எழுதிவிட்டு, மற்றவற்றை மேல்மட்டப் பெயராகவே விட்டுவைக்க வேண்டும்.