ஸ்பீடு ரேம்ப்: வேகத்தடை அல்ல, வேகச்சாய்வு

பட்டர்வொர்த்தில் பூப்பந்து ஆட்டங்களைப் படம்பிடிக்கும் தம்பி ஒருவர், "அண்ணே, இந்த ஸ்மாஷுக்கு ஸ்பீடு ரேம்ப் போட்டிருக்கேன்" என்றார். பக்கத்தில் இருந்த அவருடைய அப்பா, "ரோட்டுல போடுவாங்களே, அந்தப் போங்கோலா?" என்று கேட்டார். சிரித்தோம். ஆனால் அயர்லாந்தில் சாலை வேகத்தடையை ஸ்பீடு ரேம்ப் என்றுதான் சொல்கிறார்கள்.

ரேம்ப் என்ற சொல் ஏறுவது, ஊர்வது என்று பொருள்படும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளமும் ரேம்ப்தான். காணொளித் தொகுப்பில் சாய்வது வேகத்தைக் காட்டும் கோடு. முழுக் காட்சியும் மெதுவாக ஓடினால் அது வெறும் ஸ்லோமோஷன். ஒரே காட்சிக்குள் வேகம் படிப்படியாக இறங்கி, அப்புறம் ஏறினால்தான் ரேம்ப்.

பிரீமியர் என்ற தொகுப்பு மென்பொருளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். Time Remapping > Speed திறந்து, மாற்றம் நிகழும் இடத்தைக் குறிக்கும் கீஃப்ரேம் வைத்து வேகத்தை மாற்றினால், கோடு செங்குத்தாக விழும். அது படி, பார்ப்பவருக்குக் காட்சி தடுக்கி விழுந்ததுபோல் இருக்கும். கீஃப்ரேமின் இரு பாதிகளையும் இழுத்துப் பிரித்தால்தான் கோடு சாயும்.

அதனால் தமிழில் 'வேகச்சாய்வு' என்பேன். 'வேகச்சரிவு' என்று எழுதுவோரும் உண்டு. சரிவு என்றால் பங்குச்சந்தை மாதிரி கீழே போவது மட்டும்தான் காதில் விழுகிறது. அடிக்குப் பின் வேகம் ஏறும் பாதி காணாமல் போகிறது. கணக்குப் பாடத்தில் சாய்வு ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும்.

தம்பியின் ஸ்மாஷுக்கு வருவோம். ஓடிவந்து எம்பும் 2 விநாடியை 200 விழுக்காட்டில் வைத்து 1 விநாடியாக்கியிருந்தார். அடிபடும் 0.4 விநாடி, 25 விழுக்காட்டில் 1.6 விநாடியாக நீண்டது. கணக்கு சரி, இடம்தான் தப்பு: மட்டை பந்தைத் தொட்ட பிறகே வேகம் இறங்கத் தொடங்கியது. மெதுவானபோது பந்து எங்கோ போய்விட்டது. சாய்வை முன்னுக்கு நகர்த்தி, மட்டை உச்சியில் இருக்கும்போதே வேகம் 25-ஐத் தொடும்படி வைத்தோம். பந்து கிளம்பியதும் ஏற்றம். இறக்கத்தைவிட ஏற்றத்தைக் குட்டையாக வைத்தால் அடியின் பலம் தெரியும் என்பது என் கட்சி.

25 விழுக்காடு தாங்க, நொடிக்கு 25 சட்டமாக, அதாவது 25 ஃபிரேமாக, வெளியிடும் காணொளியை 100 சட்டத்தில் எடுத்திருக்க வேண்டும். 25-லேயே எடுத்திருந்தால் ஒவ்வொரு சட்டமும் நான்கு முறை வந்து திக்கும். மென்பொருளின் Optical Flow வசதி இடைச் சட்டங்களை ஊகித்து வரையும். ஆனால் வேகமாக வீசும் மட்டையின் விளிம்பு மெழுகுபோல் உருகிவிடும்.

இன்னொரு தொல்லை மண்டப விளக்கு. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 120 சட்டத்தில் எடுத்து நான்கு மடங்கு மெதுவாக்கினால், வெளிச்சம் நொடிக்கு 5 முறை மினுக்கும். சாய்வு இறங்கும் இடத்தில் மட்டும் சுவர் துடித்தால், தொகுப்பைக் குடைய வேண்டாம். கேமராவில் 100 சட்டம் இருந்தால் அதற்கு மாறுங்கள்.