லாபம் பேப்பர்ல இருக்கு, காசு எங்க போச்சு? ஒரு எலெக்ட்ரிக்கல் மொத்தக் கடையோட ரெண்டு கணக்கு

மொத்த வியாபாரம் பண்றவங்க கணக்கு பாக்க உக்காந்தா பாதிப் பேர் கேக்குற கேள்வி ஒண்ணுதான். "வியாபாரம் நல்லாத்தான் போகுது, லாபமும் காட்டுது, ஆனா பேங்க் கடனோட சிசி லிமிட் எப்பப் பாத்தாலும் முட்டிக்கிட்டே நிக்குதே, காசு எங்க சார் போகுது?" காசு எங்கயும் போகல, ஒண்ணு குடோன்ல சரக்கா கெடக்கு, இல்லன்னா பார்ட்டிங்க கிட்ட பாக்கியா கெடக்கு, இந்த ரெண்டு இடத்துலயும் எத்தன நாள் தங்குதுன்னு சொல்றதுதான் ஸ்டாக் டர்ன்ஓவரும் டிஎஸ்ஓவும்.

சும்மா சூத்திரம் சொன்னா மண்டைல நிக்காது, அதனால ஒயர், சுவிட்ச், ஃபேன்சி லைட் விக்கிற ஒரு எலெக்ட்ரிக்கல் மொத்தக் கடைய எடுத்துக்குவோம். வருஷ விற்பனை ஜிஎஸ்டி இல்லாம 6 கோடி. அந்த சரக்கோட கொள்முதல் விலை 5 கோடியே 40 லட்சம், அதாவது 60 லட்சம் மொத்த லாபம், இதுலதான் சம்பளம், வாடகை, வட்டி எல்லாம் போகணும். குடோன்ல சராசரியா 90 லட்சத்துக்கு ஸ்டாக் இருக்கு. கடைக்காரங்களும் கான்ட்ராக்டருங்களும் தரவேண்டிய பாக்கி 1 கோடியே 18 லட்சம்.

மொதல்ல ஸ்டாக். 5.40 கோடிய 90 லட்சத்தால வகுத்தா 6 வரும், அதாவது குடோன் வருஷத்துக்கு 6 தடவ காலியாகி நெறையுது, 365ஐ 6ஆல வகுத்தா 61 நாள், வந்த சரக்கு சராசரியா 61 நாள் தங்கிட்டுத்தான் வெளிய போகுதுன்னு அர்த்தம். இங்க நெறைய பேர் 6 கோடிய, அதாவது விற்பனைய எடுத்து வகுத்துடுறாங்க. அது தப்பு, ஏன்னா குடோன்ல இருக்குற ஸ்டாக்க நாம வாங்குன விலைலதான் போட்டு வெச்சிருக்கோம், மேலயும் அதே விலைதான் வரணும், இல்லன்னா லாபம் ஜாஸ்தி வெச்சு விக்கிற கடைக்கு சரக்கு வேகமா ஓடுற மாதிரி பொய்யா காட்டும். அப்புறம் மார்ச் 31 ஸ்டாக்க மட்டும் எடுக்காதீங்க, வருஷக் கடைசில எல்லாரும் ஸ்டாக்க கொறச்சு வெச்சிருப்பாங்க, 12 மாசக் கடைசி ஸ்டாக்கயும் கூட்டி சராசரி எடுத்தாதான் உண்மை தெரியும்.

அடுத்தது டிஎஸ்ஓ. பில் போட்டதுலேர்ந்து காசு கைக்கு வர எத்தன நாள் ஆகுதுங்கறது. பாக்கிய வருஷ விற்பனையால வகுத்து 365ஆல பெருக்கணும். 1.18 கோடிய 6 கோடியால வகுத்துப் பெருக்கினா 72 நாள் வருது. ஆனா இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு, நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணமா நடக்குற ஓட்டை. பார்ட்டி தரவேண்டிய பாக்கில 18% ஜிஎஸ்டி சேந்து இருக்கு, லாப நஷ்டக் கணக்குல இருக்குற விற்பனைல ஜிஎஸ்டி இல்ல. ரெண்டயும் ஒரே மாதிரி ஆக்கணும்னா பாக்கிய 1.18ஆல வகுக்கணும், அப்ப 1 கோடி, டிஎஸ்ஓ 61 நாள். 11 நாள் வித்தியாசம் வெறும் வரியால வந்தது.

இப்ப சேத்துப் பாருங்க. சரக்கு 61 நாள் குடோன்ல, அப்புறம் 61 நாள் பாக்கில, மொத்தம் 122 நாள். சரக்கு தர்ற கம்பெனிக்கு நாம 30 நாள்ல பணம் கட்டுறோம்னா மிச்ச 92 நாள் நம்ம காசுதான் வெளில சுத்துது. இந்தக் கடைல அது ஏறக்குறைய 1 கோடியே 46 லட்சம், 10% வட்டின்னு வெச்சாலும் வருஷத்துக்கு 14 லட்சத்துக்கு மேல, 60 லட்சம் மொத்த லாபத்துல கிட்டத்தட்ட கால்வாசி. ஒரு நாள் டிஎஸ்ஓ கொறஞ்சா 1 லட்சத்து 64 ஆயிரம் விடுபடுது, ஒரு நாள் ஸ்டாக் கொறஞ்சா 1 லட்சத்து 48 ஆயிரம். நாள்கணக்க இப்படி ரூபாயா மாத்திச் சொல்லிட்டா எந்த முதலாளிக்கும் தனியா விளக்க வேண்டியதில்ல.

சரி 61 நாள், நல்லதா கெட்டதா? இதுக்கு நேரா பதில் கிடையாது, ஏன்னா சராசரிங்கறது உள்ள இருக்குறத மூடி வெச்சிடும், அதனால ஸ்டாக்க பிரிச்சுப் பாக்கணும். இந்தக் கடைல ஒயரும் சுவிட்ச்சும் 50 லட்சம் ஸ்டாக், வருஷத்துக்கு 4.50 கோடி கொள்முதல் விலைக்கு வெளிய போகுது, 9 தடவ சுத்துது, 41 நாள். ஃபேன்சி லைட் 40 லட்சம் ஸ்டாக், 90 லட்சம்தான் வெளிய போகுது, ரெண்டே கால் தடவ, 162 நாள். இதப் பாத்ததும் ஃபேன்சி லைட்ட தூக்கிடலாம்னுதான் தோணும், எனக்கும் மொதல்ல அப்படித்தான் தோணும். ஆனா லாபத்தயும் சேத்துப் பாருங்க. ஒயர்ல 33 லட்சம் லாபம், போட்ட முதல் 50 லட்சம், அதாவது ஸ்டாக்ல போட்ட ஒவ்வொரு ரூபாயும் 66 பைசா கொண்டு வருது. லைட்ல 27 லட்சம் லாபம், முதல் 40 லட்சம், ரூபாய்க்கு 67 பைசாவுக்கு மேலயே வருது. மெதுவா ஓடினாலும் ஒவ்வொரு தடவயும் நெறைய தருது, அதனால ரெண்டும் ஏறக்குறைய சமம். மெதுவா சுத்துற சரக்கு எல்லாம் மோசம்னு முடிவு கட்டிட்டு லைட்ட நிறுத்தியிருந்தா 27 லட்சத்த நாமளே வெளிய தள்ளியிருப்போம்.

பிரச்சன லைட்ல இல்ல, லைட்டுக்குள்ள இருக்கு. டேலில ஸ்டாக் ஏஜிங் எடுத்தா அந்த 40 லட்சத்துல 14 லட்சம் ஒரு வருஷத்துக்கு மேல அசையாமக் கெடக்குறது தெரியும், போன டிசைன் ஷேண்ட்லியர், இப்ப யாரும் கேக்காத மாடல். அத எடுத்துட்டா மிச்ச 26 லட்சத்துலதான் 27 லட்சம் லாபமும் வந்திருக்கு, ரூபாய்க்கு ரூபா. அந்த 14 லட்சத்த பாதி விலைக்கு வித்தா 7 லட்சம் நஷ்டமாச்சேன்னு மனசு கேக்காது, புரியுது, ஆனா அந்த நஷ்டம் ஏற்கனவே வந்தாச்சு, கணக்குல எழுதல அவ்ளோதான். ஸ்டாக்க வாங்குன விலை, விக்கக்கூடிய விலை, இதுல எது கம்மியோ அதுலதான் காட்டணும்னு கணக்கு விதியே இருக்கு. ஒயர்ல இந்த பயம் கம்மி, காப்பர் விலை ஏறி இறங்கும், ஆனா 90 மீட்டர் காயில் பழைய ஃபேஷன் ஆகாது.

டிஎஸ்ஓவுக்கு வருவோம், இதுல இன்னும் பெரிய ஏமாத்து இருக்கு. வருஷ விற்பனைய வெச்சுப் போடுற கணக்கு சீசன்ல தடுமாறும். டிசம்பர் கடைசில பாக்கி (ஜிஎஸ்டி கழிச்சு) 80 லட்சம்னா சூத்திரப்படி 49 நாள். மார்ச் கடைசில 1 கோடின்னா 61 நாள். கலெக்ஷன் பையன் தூங்கிட்டான்னு முதலாளி சத்தம் போடுவாரு. இப்ப பின்னாலேர்ந்து எண்ணுவோம், பாக்கிலேர்ந்து கடைசி மாச விற்பனைய கழிச்சுக்கிட்டே பின்னால போகணும், எத்தன நாள் போறோமோ அதுதான் டிஎஸ்ஓ. டிசம்பர் மழைக்காலம், கட்டட வேலை மந்தம், விற்பனை 35 லட்சம்தான், 80ல 35 போச்சு, 31 நாள். மிச்சம் 45. நவம்பர் 40 லட்சம், 30 நாள். மிச்சம் 5 லட்சம், அக்டோபர் விற்பனை 38 லட்சம், அதுல 4 நாளுக்குச் சமம். ஆக மொத்தம் 65 நாள். மார்ச்ல விற்பனை 70 லட்சம், 1 கோடில அது போக மிச்சம் 30, 31 நாள் ஆச்சு. பிப்ரவரி 45 லட்சம், அந்த 30 லட்சம் 19 நாளுக்குச் சமம். மொத்தம் 50 நாள். அதாவது டிசம்பர்லதான் வசூல் மோசமா இருந்திருக்கு, மார்ச்ல பையன் நல்லாவே வேல பாத்திருக்கான், சூத்திரம் அப்படியே தலைகீழா காட்டியிருக்கு. திட்டு வாங்க வேண்டியவன் அவன் இல்ல.

ஆனா அந்த 50 நாளயும் முழுசா நம்பாதீங்க, ஏன்னா மார்ச்லதான் டார்கெட் விளையாட்டு நடக்கும். கம்பெனி ஸ்கீம் பிடிக்கணும்னு மொத்த வியாபாரி, "அண்ணே சரக்க எடுத்து வைங்க, காசு மெதுவா குடுங்க"ன்னு சின்னக் கடைங்க மேல சரக்க தள்ளிவிடுவாரு. அப்ப என்ன ஆகுது? ஸ்டாக் கொறையுது, டர்ன்ஓவர் அழகா காட்டுது, மார்ச் விற்பனை பெருசாகி பின்னாலேர்ந்து எண்ணுற கணக்கும் அழகாத் தெரியுது. ஆனா சரக்கு நம்ம குடோன்லேர்ந்து அடுத்தவங்க குடோனுக்கு எடம் மாறியிருக்கு, காசு வரல. இதுக்காகத்தான் ரெண்டு நம்பரயும் கூட்டி, அந்த 122 நாள பாக்கணும்னு சொல்றேன், ஸ்டாக் நாள் 10 கொறஞ்சு டிஎஸ்ஓ 10 கூடினா எதுவும் மாறல. ஏப்ரல்ல சேல்ஸ் ரிட்டர்ன் எவ்ளோ வருதுன்னும் பாருங்க, தள்ளிவிட்ட சரக்கு அங்கதான் திரும்பி வந்து நிக்கும்.

கடைசில பில் ஏஜிங். இந்தக் கடையோட 1.18 கோடி பாக்கில 96 லட்சம் 90 நாளுக்குள்ள இருக்கு. மிச்ச 22 லட்சம் 90 நாள் தாண்டிடுச்சு, ரெண்டே ரெண்டு கான்ட்ராக்டர் பார்ட்டி. 45 நாள்ல பணம் தரணும்னு 2006 சட்டம் இருக்கேன்னு கேப்பீங்க, சிறு தொழில்களுக்கான அந்தப் பாதுகாப்பு வாங்கி விக்கிறவங்களுக்குப் பொருந்தாது, 2021 ஜூலைல மொத்த, சில்லறை வியாபாரிங்கள உத்யம் பதிவுல சேத்தப்பவே முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான்னு சொல்லிட்டாங்க. பெரும்பாலான வங்கிங்க 90 நாள் தாண்டின பாக்கிய சிசி லிமிட் கணக்குல சேக்கவும் மாட்டாங்க, அதனால அந்த 22 லட்சம் லிமிட்டயும் கொறைக்குது. அதுக்கு மேல, அந்த பில்லுங்களோட ஜிஎஸ்டி 3 லட்சத்து 35 ஆயிரத்துச் சொச்சம், பில் போட்ட அடுத்த மாசம் 20ஆம் தேதிக்குள்ளயே நம்ம கைக்காசுலேர்ந்து கட்டியாச்சு, பார்ட்டி பணம் தராமலே போனாலும் வாராக்கடன்னு சொல்லி அந்த வரிய திரும்ப வாங்க வழி கிடையாது. அந்த ரெண்டு பேர ஒதுக்கி வெச்சுட்டுப் போட்டா இந்தக் கடையோட டிஎஸ்ஓ ஏறக்குறைய 50 நாள்தான். 61க்கும் 50க்கும் நடுவுல இருக்குற அந்த 11 நாள், மிச்ச எல்லாப் பார்ட்டியயும் நச்சரிக்கிறதால கொறையாது, அந்த ரெண்டு பேருக்கு புது பில் போடுறத எந்தத் தேதில நிறுத்துறோம்ங்கறதுலதான் இருக்கு.